முஹம்மது என்ற பெயர்: எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்தாக நிற்க

கேள்வி: என் பெயர் முஹம்மது ரஃபீக். பிறப்புச் சான்றிதழில் Mohamed Rafeek என்று இருக்கிறது. பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களில் Mohammed Rafeek. பாஸ்போர்ட்டில் Mohd Rafeek, குடும்பப் பெயர் இடத்தில் தந்தையின் பெயர் Abdul Kader. வங்கிக் கணக்கிலோ Mugamathu Rafeek என்று ஏறியிருக்கிறது. இதில் எதுதான் சரி? Muhammad என்பதுதான் சரி என்கிறார் ஒரு நண்பர். எங்கிருந்து திருத்தத் தொடங்குவது? அடுத்த மாதம் குழந்தை பிறக்க இருக்கிறது. மகன் என்றால் முஹம்மது இஸ்மாயீல் என்று வைக்கப்போகிறோம். அவனுக்காவது இந்தத் தொல்லை இல்லாமல் எழுத வேண்டும்.

பதில்:

உங்கள் நண்பர் சொல்வது உச்சரிப்பைப் பொறுத்தவரை சரி. ஆவணத்தைப் பொறுத்தவரை அது உங்களுக்கு உதவாது. நான்கு வடிவம் போதாதென்று ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். உங்கள் காகிதங்களில் ஏற்கெனவே இருப்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை அதன் பக்கம் கொண்டுவருவதுதான் வேலை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த ஒன்று Mohamed Rafeek. ஏன் என்று சொல்வதற்கு முன், இந்தப் பெயர் இத்தனை உருவம் எடுப்பதன் காரணத்தைப் பார்த்துவிடலாம். எந்த வேறுபாடு சும்மா விடக்கூடியது, எது உண்மையிலேயே இடறும் என்பது அதிலிருந்துதான் தெரியும்.

அரபியில் இந்தப் பெயருக்கு நான்கே எழுத்து: மீம், ஹா, மீம், தால். குறில் உயிரோசைகளை அரபியில் வழக்கமாக எழுதுவதில்லை. முதல் மீமுக்கு மேல் ‘உ’ ஓசை உண்டு, இரண்டாவது மீம் இரட்டித்து ஒலிக்கும் என்பதெல்லாம் படிப்பவருக்குத் தெரிந்த சங்கதி. எழுத்துக்கு மேலே குறியிட்டால்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் குறிகளையும் சேர்த்து, ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று ஆங்கில எழுத்தில் பெயர்த்தால் கிடைப்பது Muhammad. நூலகப் பட்டியல்களிலும் ஆய்வு நூல்களிலும் h-க்கு அடியில் ஒரு புள்ளி வைத்து இதையே எழுதுவார்கள். உங்கள் நண்பர் இதைத்தான் சொல்கிறார்.

ஆனால் மக்கள் பெயர்களை ஆய்வாளர்கள் பதிவு செய்வதில்லை. ஊர் வழக்கில் காதில் விழுந்ததை, தனக்குத் தெரிந்த ஐரோப்பிய மொழியின் எழுத்துப் பழக்கத்தில் எழுத்தர் எழுதிவைத்தார். பாரசீகத்திலும் உருதுவிலும் முதல் உயிர் ‘மொ’ என்று ஒலிக்கும், அதனால் Mohammad. ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத கடைசி அசையின் ‘அ’ மங்கிப்போவதால் அந்த இடத்தில் e வந்து Mohammed ஆனது. பிரெஞ்சில் u என்று எழுதினால் ‘உ’ ஒலிக்காது, வேறோர் ஓசை வரும். இரட்டை m-க்கும் அங்கே தனி ஓசை கிடையாது. பிரெஞ்சு நிர்வாகம் இருந்த வட ஆப்பிரிக்காவில் Mohamed பரவியதற்கு இதுவே காரணம். துருக்கியில் சொல்லின் கடைசி d வல்லோசையாகி Mehmet ஆனது. சோமாலி மொழியின் இலத்தீன் எழுத்துமுறையில் x என்ற எழுத்துக்கே இந்த அழுத்தமான ஹா ஓசைதான் என்பதால் அங்கே Maxamed. மேற்கு ஆப்பிரிக்காவில் Mamadou. இவற்றில் எதுவும் பிழையில்லை. அந்தந்த மொழியின் காதும் எழுத்தும் செய்த வேலை.

தமிழ் வழியாக வரும் வடிவம் மட்டும் வேறு வகை. உங்கள் வங்கிக் கணக்கில் நடந்திருப்பது அதுதான். தமிழில் முஹம்மது, முகம்மது, முகமது என்று மூன்று விதமாகவும் எழுதுகிறோம். கிரந்த ஹ-வைத் தவிர்ப்பவர்கள் க போடுகிறார்கள். உயிர்களுக்கு இடையில் வரும் க-வை நாம் ‘ஹ’ போலவே படித்துக்கொள்கிறோம். மெய்யில் முடியும் சொல்லுக்குத் தமிழ் வழக்கப்படி ஓர் உகரம் சேர்ந்து ‘து’ ஆகிறது. தமிழ் வாசகருக்கு இதில் ஒரு தடுமாற்றமும் இல்லை. ஆனால் தமிழில் ஏறிய பெயரை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றும்போது, அது ஓர் அரபுப் பெயர் என்பது மாற்றுபவருக்கோ மென்பொருளுக்கோ நினைவிருப்பதில்லை. க என்பது g அல்லது k ஆகிறது, து என்பது thu அல்லது tu ஆகிறது. முடிவு Mugamathu, Mukamatu. விண்ணப்பத்தைத் தமிழில் மட்டும் நிரப்பி, ஆங்கிலக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். இரண்டு மொழியிலும் கட்டம் இருக்கும் படிவத்தில் இரண்டையும் நீங்களே நிரப்புங்கள். இதைத் தடுக்க வேறு வழியில்லை.

இனி, எது இடறும், எது இடறாது என்பதற்கு வருவோம். பெயர்களை ஒப்பிடும் கணினி முறைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஒரு m கூடினாலும் ‘வேறு ஆள்’ என்றுவிடும். மற்றது ஓசையை ஒப்பிடும். ஓசை முறைகளில் மிகப் பழையது சவுண்டெக்ஸ்; அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை பெற்றது. இன்று இதைவிட நுணுக்கமான முறைகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்க முடிவதால் விஷயத்தைப் புரிந்துகொள்ள இது வசதி.

அதன் விதி எளிது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வரும் உயிரெழுத்துகளையும் h, w, y ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். மீதமுள்ள மெய்களுக்கு எண்: b, f, p, v எல்லாம் 1, c, g, j, k, q, s, x, z எல்லாம் 2, d, t இரண்டும் 3, l 4, m, n இரண்டும் 5, r 6. ஒட்டி வரும் இரட்டை எழுத்தை ஒன்றாகவே எண்ண வேண்டும். எண்கள் மூன்றுக்குக் குறைந்தால் பூச்சியத்தால் நிரப்ப வேண்டும். இப்போது உங்கள் வடிவங்களைப் போட்டுப் பாருங்கள்:

```
MUHAMMAD   M530
MOHAMMED   M530
MOHAMED    M530
MEHMET     M530
MOHD       M300
MD         M300
MUGAMATHU  M253
MUKAMATU   M253
```

u-வா o-வா, a-வா e-யா, ஒரு m-மா இரண்டா என்று நாம் அடித்துக்கொள்ளும் வேறுபாடுகள் எல்லாம் ஒரே எண்ணில் போய் விழுகின்றன. துருக்கியின் Mehmet கூட அந்தக் கூட்டத்தில்தான். வெளியே நிற்பவை இரண்டு வகை. ஒன்று சுருக்கம்; Mohd என்பதில் நடு m விழுந்துவிடுவதால் அது வேறு பெயராகிவிடுகிறது. இன்னொன்று தமிழ் வழி வந்த வடிவம். இல்லாத g அல்லது k நுழைந்துவிடுகிறது. அதாவது உங்கள் பட்டியலில் Mohamed, Mohammed இரண்டும் நெருங்கிய உறவு. ஒரு விளக்கக் காகிதத்தோடு பெரும்பாலான இடங்களில் காலம் தள்ளிவிடலாம். Mohd, Mugamathu இரண்டும் அப்படியல்ல. திருத்தும் முயற்சியையும் செலவையும் முதலில் இந்த இரண்டில் போடுங்கள்.

சுருக்கத்தைப் பற்றி இன்னொரு சொல். Mohd என்று எழுதினால் ‘முஹம்மது’ என்று படிக்க வேண்டும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட் படிக்கும் இயந்திரத்துக்கு அது சுருக்கம் இல்லை, நான்கு எழுத்துள்ள ஒரு பெயர். Md இன்னும் மோசம். சில இடங்களில் அதை மருத்துவப் பட்டம் என்று நினைத்து நீக்கியே விடுவார்கள். M. என்று முதலெழுத்தாகச் சுருக்கினால் அது தந்தை பெயரின் முதலெழுத்தா, சொந்தப் பெயரா என்ற கேள்வி சேர்ந்துகொள்ளும். புள்ளி வைத்த Mohd. என்பதில் உள்ள புள்ளி, பாஸ்போர்ட்டின் இயந்திர வரியில் ஏறவே ஏறாது. அந்த வரியில் A முதல் Z, 0 முதல் 9, பிறகு < என்ற நிரப்புக் குறி, இவ்வளவுக்குத்தான் இடம்.

அந்த வரியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 44 இடம். பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த வடிவம் அது, எல்லா நாட்டுக்கும் பொது. முதல் வரியில் முதல் ஐந்து இடம் ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போக, பெயருக்குக் கிடைப்பது 39 இடம். முதலில் குடும்பப் பெயர், பிறகு இரண்டு நிரப்புக் குறி, பிறகு சொந்தப் பெயர். சொற்களுக்கு நடுவே ஒரு நிரப்புக் குறி. உங்கள் பாஸ்போர்ட்டில் இப்போது இருப்பதும், திருத்திய பின் இருக்க வேண்டியதும் கீழே. UTO என்பது மாதிரிகளுக்கென்றே வைத்திருக்கும் இல்லாத நாட்டின் குறியீடு.

```
P<UTOABDUL<KADER<<MOHD<RAFEEK<<<<<<<<<<<<<<<
P<UTOABDUL<KADER<<MOHAMED<RAFEEK<<<<<<<<<<<<
```

விமான டிக்கெட், விசா, எல்லைச் சோதனை எல்லாம் ஒப்பிடுவது பாஸ்போர்ட்டோடுதான். அதனால் பாஸ்போர்ட் திருந்தும்வரை டிக்கெட்டில் MOHD என்றே போடுங்கள். ‘முழுப் பெயரைப் போடுவோமே’ என்று MOHAMED என்று விரித்து எழுதுவது, நல்ல எண்ணத்தில் பலரும் செய்யும் தவறு. டிக்கெட்டுக்குச் சரியான எழுத்து என்பது பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துதான், அது எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும். டிக்கெட்டில் பெயரோடு MR ஒட்டி RAFEEKMR என்று வந்தால் பதறாதீர்கள். அது மரியாதை அடைமொழியை ஒட்டிப் போடும் முன்பதிவு முறையின் பழக்கம், எழுத்துப் பிழை இல்லை.

சரி, நான்கில் ஏன் Mohamed? ஆவணங்களை ஒன்றுக்கொன்று ஆதாரமாக அடுக்கிப் பாருங்கள். எதைக் காட்டி எதைத் திருத்தலாம் என்பதே அளவுகோல். பிறப்புப் பதிவைக் காட்டிப் பாஸ்போர்ட்டையும் வங்கிக் கணக்கையும் திருத்தலாம். வங்கிப் புத்தகத்தைக் காட்டிப் பிறப்புப் பதிவைத் திருத்த முடியாது. அடியில் இருக்கும் ஆவணத்தை மாற்றுவதுதான் எப்போதும் கடினம். ஆகவே அதிலுள்ள எழுத்தையே மற்றவற்றின் மீது ஏற்றுவது மிச்சம். உங்கள் அடிக்கல் பிறப்புச் சான்றிதழ், அதில் பெயர் சுருக்கமில்லாமல் முழுதாக இருக்கிறது, ஓசையும் சரியாக இருக்கிறது. வேறு என்ன வேண்டும்?

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. உங்கள் பட்டச் சான்றிதழை ஏற்கெனவே பல நாடுகளில் மேலொப்பமிட்டு, அதன் பெயரில் தொழில் உரிமம் வாங்கி வேலை பார்க்கிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அப்போது Mohammed என்பதே நங்கூரம். பிறப்புப் பதிவில் ஒரு m சேர்க்க விண்ணப்பிப்பதுதான் குறைந்த வேலையாக முடியலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதால் Mohamed என்றே வைத்து மேலே போகிறேன்.

முதல் வேலை ஒரு தாளில் அட்டவணை போடுவது. ஆவணத்தின் பெயர், எண், அதில் உங்கள் பெயர் அச்சாகியிருக்கும் விதம், பிறந்த தேதி, தந்தை பெயர். நினைவிலிருந்து எழுதாமல், ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். இடைவெளியும் ஓர் எழுத்து என்று நினைத்துக்கொள்ளுங்கள். Abdul Kader, Abdulkader, Abdul Khader மூன்றும் கணினிக்கு மூன்று பெயர். அட்டவணை போடும்போதுதான் பலருக்குப் பெயரைவிடப் பெரிய சிக்கல் கண்ணில் படும்: பிறந்த தேதியோ தந்தை பெயரோ ஏதோ ஓர் ஆவணத்தில் மாறியிருக்கும். பெயர் மட்டும் மாறி, தேதியும் தந்தை பெயரும் ஒத்திருந்தால் அதிகாரிகள் அதை எழுத்து வேறுபாடு என்று ஏற்பது எளிது. இரண்டும் சேர்ந்து மாறியிருந்தால் வேறு ஆளோ என்ற சந்தேகம் வரும். அப்படி ஏதாவது இருந்தால் தேதியை முதலில் சரிசெய்யுங்கள்.

அடுத்தது, ‘எல்லாம் ஒருவரே’ என்று சொல்லும் பிரமாணப் பத்திரம். இதில் எல்லோரும் செய்யும் தவறு, தேவைப்படும் இடத்துக்கு ஏற்ப இரண்டிரண்டு வடிவத்தை மட்டும் சொல்லி, ஆண்டுக்கொன்றாக எழுதிக்கொள்வது. பிறகு அந்தப் பத்திரங்களே ஒன்றுக்கொன்று முரண்படும். ஒரே பத்திரத்தில் நான்கு வடிவத்தையும் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்த ஆவணத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்று குறிப்பிடுங்கள். பிறந்த தேதி, பெற்றோர் பெயர் சேருங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்: ‘பிறப்புச் சான்றிதழில் Mohamed Rafeek என்றும், பள்ளி, பட்டச் சான்றிதழ்களில் Mohammed Rafeek என்றும், பாஸ்போர்ட்டில் Mohd Rafeek என்றும், வங்கிக் கணக்கில் Mugamathu Rafeek என்றும் குறிப்பிடப்பட்டிருப்பவர் நான் ஒருவரே. இனி எல்லா ஆவணங்களிலும் Mohamed Rafeek என்றே எழுதுவேன்.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், பத்திரம் நான்கு பெயர்களையும் சமமாக உயிரோடு வைத்திருப்பதாகத்தான் பொருள்.

இந்தப் பத்திரத்தின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். பழைய ஆவணங்களை அது விளக்கும். எந்த ஆவணத்தையும் அதுவே திருத்திவிடாது. மனிதர் உட்கார்ந்து சரிபார்க்கும் இடத்தில் செல்லும். இணையப் படிவத்தில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு நிராகரிக்கும் இயந்திரத்திடம் அதை நீட்ட முடியாது.

திருத்தும் வரிசையில் வங்கிக் கணக்கு முதலில். பிறப்புச் சான்றிதழைக் கேட்பார்களோ பாஸ்போர்ட்டைக் கேட்பார்களோ என்பது வங்கியைப் பொறுத்தது. பாஸ்போர்ட்தான் வேண்டும் என்றால் அது திருந்தும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு Mohd என்று மாற்றிக்கொண்டால் பிறகு இரண்டாவது முறையும் மாற்ற வேண்டிவரும். வங்கியில் Mugamathu நீடிக்கும்வரை, உங்களுக்குப் பணம் அனுப்புபவர்களிடம் கணக்கில் உள்ள எழுத்தையே கொடுங்கள்.

பாஸ்போர்ட்டில் கவனிக்க வேண்டியது காலம். செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ MOHD என்ற பெயரில் இருக்கும்போது பாஸ்போர்ட்டை மட்டும் மாற்றினால், இரண்டும் பொருந்தாமல் நடுவழியில் நிற்பீர்கள். விசா எதுவும் இல்லாத இடைவெளியிலோ, பாஸ்போர்ட் புதுப்பிக்கும் சமயத்திலோ செய்யுங்கள். விண்ணப்பத்தில் இதைப் பெயர் மாற்றம் என்று எழுதாமல், பிறப்புச் சான்றிதழ்படி எழுத்துத் திருத்தம் என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடைமுறை வேறு. பெயர் மாற்றம் என்றால் பல நாடுகளில் அரசிதழ் அறிவிப்பு அல்லது சட்டப் பத்திரம் கேட்பார்கள். எழுத்துத் திருத்தத்துக்கு அடிப்படை ஆவணமே போதுமானதாக இருக்கலாம். ஆனால் சுருக்கத்தை விரிப்பது திருத்தமா, மாற்றமா என்பதில் எல்லா அலுவலகமும் ஒரே முடிவு எடுப்பதில்லை. விண்ணப்பிப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பழைய பாஸ்போர்ட்டை ரத்து முத்திரையோடு திருப்பித் தந்தால் தூக்கிப் போடாதீர்கள். MOHD என்று பயணம் செய்தவரும் நீங்களே என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கல்விச் சான்றிதழ்களை வழங்கியவர்கள் திருத்தித் தர மறுத்தால் அப்படியே விடுங்கள். ஒரு m-க்காக ஆண்டுக்கணக்கில் அலைவது தேவையற்றது. பிரமாணப் பத்திரம் அதைத் தாங்கும்.

பல விசா விண்ணப்பங்களில் ‘வேறு பெயர்கள் உண்டா’ என்று ஒரு கட்டம் இருக்கும். எழுத்து வேறுபாடு வேறு பெயர் ஆகாது என்று நினைத்துக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் நான்கையும் எழுதுங்கள். எழுதியதற்காகச் சிக்கல் வருவது அரிது. எழுதாமல் விட்டு, பட்டச் சான்றிதழில் வேறு எழுத்து தென்பட்டால் மறைத்ததாகத் தோன்றும். அரபி எழுத்திலும் பெயர் அச்சாகும் நாட்டுக்குப் போவதானால் இன்னொரு வேலை: அரபு வடிவத்தை நீங்களே தெளிவாக எழுதிக் கொடுங்கள். Rafeek என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து அரபியாக்குபவர், கடைசியில் k-க்கு உரிய காஃபைப் போட்டுவிடுவார். உங்கள் பெயருக்கு வேண்டியது மேலே இரண்டு புள்ளி உள்ள காஃப்.

இப்போது மகனுக்கு வருவோம். அவனுடைய பதிவில் முதலில் கவனிக்க வேண்டியது அவன் பெயர் இல்லை, உங்கள் பெயர். தந்தை பெயர்க் கட்டத்தில் நீங்கள் எழுதப்போகும் எழுத்து அவனுடைய எல்லா ஆவணங்களிலும் ஆயுள் முழுக்கத் தொடரும். மருத்துவமனைப் படிவத்தை நிரப்பும் பரபரப்பில் உறவினர் யாரோ பாஸ்போர்ட்டைப் பார்த்து Mohd Rafeek என்று எழுதிக்கொடுத்துவிட்டால், நீங்கள் கழற்றிப் போட நினைக்கும் வடிவத்தை அவன் சுமப்பான். தந்தை பெயர் Mohamed Rafeek, மகன் பெயர் Mohamed Ismail என்று பெரிய எழுத்தில் ஒரு துண்டுத்தாளில் எழுதி இப்போதே பையில் வையுங்கள். பதிவாளர் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் போடுவேன் என்றால், பிறப்புச் சான்றிதழையும் பிரமாணப் பத்திரத்தையும் காட்டுங்கள். இதற்காகவே பத்திரத்தைக் குழந்தை பிறப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மகனுக்கு Muhammad என்று புதிதாகத் தொடங்கலாமே என்று தோன்றும். வெள்ளைத்தாளில் எழுதுவதானால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவனுடைய பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் குடும்பப் பெயராக வந்தால், ஒரே வரியில் இரண்டு விதமாக இருக்கும்:

```
P<UTOMOHAMED<RAFEEK<<MUHAMMAD<ISMAIL<<<<<<<<
```

சட்டப்படி இதில் பிழையில்லை. நடைமுறையில், இதைப் பார்த்து எழுதும் யாராவது ஒருவர் ‘எழுத்துப் பிழை’ என்று தாமே ஒன்றை மற்றொன்றாகத் திருத்திவிடுவார். ஒரு வீட்டில் ஒரே எழுத்து இருந்தால் அந்தச் சபலத்துக்கு இடமில்லை. இஸ்மாயீலுக்கும் Ismail, Ismael, Esmail, Ismayil என்று கிளைகள் உண்டு. Ismail பரவலாகத் தெரிந்த வடிவம்; யாரும் எழுத்துக்கூட்டிக் கேட்க மாட்டார்கள் என்பதால் அதையே வையுங்கள்.

முஹம்மது முன்னால் வந்து, அழைக்கும் பெயர் பின்னால் வரும் அமைப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. பல கணினி முறைகள் சொந்தப் பெயரின் முதல் சொல்லை மட்டும் முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்த சொல்லை ஒரே எழுத்தாகச் சுருக்கும். இஸ்மாயீலுக்குப் பின் ஒரு தம்பி பிறந்து அவனுக்கு முஹம்மது இத்ரீஸ் என்று வைத்தால், இருவரும் MOHAMED I ஆகிவிடுவார்கள். குடும்பப் பெயரும் ஒன்று, முகவரியும் ஒன்று. மருத்துவக் கோப்பும் பள்ளிக் கோப்பும் கலந்துபோக வேறென்ன வேண்டும்? இதற்கு இரண்டு தீர்வு. ஒன்று, அடுத்த பிள்ளையின் அழைக்கும் பெயர் வேறோர் எழுத்தில் தொடங்கட்டும். இன்னொன்று, வரிசையை மாற்றி Ismail Mohamed என்று பதிவது. அழைக்கும் பெயர் எங்கும் விழுந்துபோகாது. வீட்டில் பெரியவர்கள் முஹம்மது முதலில்தான் வர வேண்டும் என்றால் முதல் தீர்வே போதும்.

உங்கள் தந்தை பெயரின் அமைப்பில் வரும் பெயரை நாளை எந்தப் பிள்ளைக்காவது வைப்பதானால் இதையும் மனதில் வையுங்கள். அப்துல் என்பது தனிப் பெயர் இல்லை. ‘அடியார்’ என்ற சொல்லோடு அடுத்த சொல்லின் ‘அல்’ ஒட்டி நிற்கும் பாதி. Abdul Kader என்று பிரித்து எழுதினால் முதல் சொல்லான Abdul மட்டுமே பெயராக நின்றுவிடும். Abdulkader என்று சேர்த்தால் எந்த முறையும் அதை வெட்டாது. அடுத்த சொல் ர-வில் தொடங்கினால் ‘ல்’ ஓசை மறைந்து அப்துர் ரஹ்மான் ஆகும். Abdul Rahman, Abdur Rahman என்று இரண்டு எழுத்து பிறப்பது அதனால்தான். இரண்டில் ஒன்றைச் சேர்த்தெழுதிப் பதிந்துவிடுங்கள்.

பதிவு முடிந்து சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்: மகன் பெயர், உங்கள் பெயர், தாயின் பெயர், தமிழ்க் கட்டம் இருந்தால் அதுவும். பதிவான உடனே கேட்கும் எழுத்துத் திருத்தம் பெரும்பாலும் ஒரு விண்ணப்பத்தோடு முடியும். அந்தச் சான்றிதழை வைத்து இரண்டாவது ஆவணம் எடுத்துவிட்டால், திருத்த வேண்டியவை இரண்டாகிவிடும்.